ஒற்றை வரி மாற்றம்: 640 சோதனைகளில் எவற்றை ஓட்டுவது?

செங்கோட்டைப் பையன்

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மளிகை மொத்தக் கடைகளுக்கான பில் மென்பொருள் எழுதுகிறோம். கடைகள் செங்கோட்டையிலும் தென்காசியிலும், வாங்குபவர்களில் பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில். வரியைப் பைசாவாக முழுமையாக்கும் சார்பில் ஒரே ஒரு வரியை மாற்றியிருக்கிறேன்:

```python
# முன்பு
return round(x, 2)
# இப்போது
return Decimal(str(x)).quantize(Decimal("0.01"), rounding=ROUND_HALF_UP)
```

மொத்தம் 640 சோதனைகள். முழுவதும் ஓட 1 மணி 50 நிமிடம் ஆகிறது. அதில் 46 மட்டும் உலாவியைத் திறந்து ஓடுபவை, அவையே 80 நிமிடத்தை விழுங்குகின்றன. இன்று மாலை கடைகளுக்கு அனுப்ப வேண்டும். எதை ஓட்டுவது, எதை விடுவது?

குற்றாலச்சாரல்

தம்பி, இதில் கேட்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் ஓட்டு. இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்க முடியாதவன் வரிக் கணக்கில் கை வைக்கக் கூடாது. பொறுக்கி ஓட்டுவது என்பது சோம்பலுக்கு வைத்த நல்ல பெயர். ஒரு வரிதான் என்று நினைத்துத்தான் எல்லோரும் விழுந்திருக்கிறார்கள்.

செங்கோட்டைப் பையன்

அண்ணாச்சி, இன்று ஒரு நாள் என்றால் ஓட்டிவிடுவேன். ஒரு நாளில் இப்படி ஆறு ஏழு மாற்றங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் என்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

நகரி நண்பன்

எங்கள் முறை எளிது. ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு மதிப்பெண்: அந்தப் பகுதி உடையும் வாய்ப்பு 1 முதல் 5 வரை, உடைந்தால் வரும் இழப்பு 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்கு. 12க்கு மேல் வந்தால் ஓட்டு, மற்றவற்றை விடு. முதல் முறை மதிப்பெண் போட ஒரு நாள் ஆகும், பிறகு பட்டியல் கைவசம் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி

நகரி நண்பரே, பாதி சரி. இடர் பார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய்ப்பு 5, இழப்பு 1 என்றாலும் 5. வாய்ப்பு 1, இழப்பு 5 என்றாலும் 5. முதலாவது, திரையில் ஒரு பொத்தான் இடம் மாறி நிற்பது. இரண்டாவது, ஒரு வருடக் கணக்கு தவறிப்போவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் பெருக்கல் எனக்கு வேண்டாம். அதைவிடப் பெரிய குறை, உங்கள் பட்டியல் நிலையானது. இன்று மாறியது எது என்று அது கேட்பதே இல்லை. பையன் நாளைக்கு உள்நுழைவுப் பக்கத்தை மாற்றினாலும் அதே பட்டியல்தான் ஓடும்.

தம்பி, முதலில் இதைச் சொல்: எந்தச் சோதனை எந்த வரியைத் தொடுகிறது என்ற வரைபடம் உன்னிடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் நேற்றிரவு முழு ஓட்டத்தை இப்படி ஓட்டியிருந்தால் கிடைத்திருக்கும்:

```
pytest --cov=billing --cov-context=test
coverage html --show-contexts
```

செங்கோட்டைப் பையன்

இருக்கிறது அக்கா. பார்த்தேன். உலாவி இல்லாத 594 சோதனைகளில் 388 இந்தச் சார்பைத் தொடுகின்றன. உலாவிச் சோதனைகள் 46இல் ஒன்றுகூடத் தொடவில்லை என்று காட்டுகிறது. அப்படியென்றால் அந்த 46ஐயும் விட்டுவிடலாம் அல்லவா? 80 நிமிடம் மிச்சம்.

கொழிஞ்சாம்பாறைக்காரி

அங்கேதான் குழி இருக்கிறது. உலாவிச் சோதனை ஓடும்போது உன் நிரல் வேறொரு செயல்முறையில், அதாவது சர்வரில், ஓடுகிறது. கவரேஜ் பதிவு செய்வது சோதனை ஓடும் செயல்முறையை மட்டும். சர்வரிலும் தனியாக இயக்கி வைத்தால் ஒழிய அது எதையும் பார்க்காது. ஆகவே அந்தப் பூஜ்யம் 'தொடவில்லை' என்று சொல்லவில்லை, 'நான் பார்க்கவில்லை' என்று சொல்கிறது. பில் போடும் சோதனை வரி முழுமையாக்கும் சார்பைத் தொடாமல் எப்படிப் பில் போடும்? நீயே யோசி.

இன்னொன்று. 388ஐப் பொறுக்கினால் எவ்வளவு நேரம் ஆகும், 594ஐயும் ஓட்டினால் எவ்வளவு?

செங்கோட்டைப் பையன்

388க்கு ஏறக்குறைய 20 நிமிடம். 594க்கு 30.

கொழிஞ்சாம்பாறைக்காரி

பத்து நிமிடத்துக்காகப் பொறுக்காதே. 594ஐயும் அப்படியே ஓட்டு. பொறுக்க வேண்டியது விலை அதிகமான 46இல் மட்டும். அங்கே வரைபடம் குருடு, ஆகவே மாற்றத்தைக் கையால் படிக்க வேண்டும். உன் மாற்றம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நீ ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறாய்.

முதல் வேலை, மதிப்பு மாறுகிறது. எங்கே மாறுகிறது என்று பார். 107 ரூபாய்த் தேயிலை, வரி 5 சதவீதம். தென்காசிக் கடைக்கு விற்றால் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5, இரண்டும் தனித்தனியே 2.675. பழைய `round` அதை 2.67 ஆக்கியது, ஏனென்றால் கணினிக்குள் அந்த எண் 2.675க்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்கிறது. உன் புதிய நிரல் 2.68 ஆக்கும். பில்லில் வரி 5.34 என்று இருந்தது 5.36 ஆகிறது. அதே தேயிலையைப் புனலூருக்கு விற்றால் ஒரே வரி, 5.35. அங்கே முழுமையாக்க எதுவும் இல்லை, முன்பும் பின்பும் ஒன்றே. ஆகவே வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் 33இல் தொடங்கும் பில்கள் ஆபத்தானவை. 32இல் தொடங்குபவற்றில் வேறு மாதிரி விலையும் வரியும் வந்தால்தான் மாறும். இந்த வரிகளை நீயே ஒரு தாளில் போட்டுப் பார்.

இரண்டாவது வேலை, வகை மாறுகிறது. முன்பு மிதவைப் புள்ளி எண் திரும்பியது, இப்போது `Decimal` திரும்புகிறது. அந்த மதிப்பு நிரலைவிட்டு வெளியே போகும் வாசல்களை எல்லாம் எண்ணு.

கம்பம் கணக்குப்பிள்ளை

நான் மென்பொருள்காரன் இல்லை, கணக்கு எழுதுபவன். இரண்டு பைசாவுக்கு இவ்வளவு பேச்சா? ஜி.எஸ்.டி. சட்டம் 170ஆம் பிரிவின்படி வரியை அருகில் உள்ள முழு ரூபாய்க்குக் கொண்டுவர வேண்டும், 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய். பைசாவே இல்லாதபோது எந்தச் சோதனை எதற்கு?

ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குமுளிப் பக்கம் ஒரு கடைக்குக் கணக்கு எழுதினேன். கேரளத்தில் 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை வெள்ள வரி 1 சதவீதம் இருந்தது, நினைவிருக்கும். அது முடிந்த பிறகு ஒரு பழைய பில்லின் நகல் கேட்டார்கள். கடையில் இருந்த மென்பொருள் நகல் எடுக்கும்போது வெள்ள வரிக்கான வரிசையையே காணவில்லை! பில் தொகையும் குறைந்துவிட்டது. பழைய பில்லை எடுத்துக் காட்டாமல் இன்றைய விதிப்படி புதிதாகக் கணக்குப் போட்டிருக்கிறது. அன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி

ஐயா, 170ஆம் பிரிவு பில்லின் ஒவ்வொரு வரிசைக்குமா, கட்டும் மொத்தத் தொகைக்கா என்பதில் நான் இறங்கவில்லை. கடைக்காரர்கள் பைசாவோடுதான் பில் அச்சிடுகிறார்கள். ஆனால் நீங்கள் கடைசியில் சொன்ன கதைக்கு நன்றி, அதை நான் மறந்தேவிட்டேன். தம்பி, உன் மென்பொருள் பழைய பில்லின் நகலை எடுக்கும்போது சேமித்த தொகையை எடுக்கிறதா, மறுபடி கணக்கிடுகிறதா?

செங்கோட்டைப் பையன்

மறுபடி கணக்கிடுகிறது. அதற்குச் சோதனையே இல்லை.

குற்றாலச்சாரல்

பார்த்தாயா! எல்லாவற்றையும் ஓட்டியிருந்தாலும் இது பிடிபட்டிருக்காது என்று இப்போது சொல்லப்போகிறீர்கள். சரி, இந்த ஒன்றில் தோற்றேன். ஆனாலும் இரவிலாவது எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும் என்பதிலிருந்து இறங்க மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரி

இரவு ஓட்டம் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன் அண்ணாச்சி? பொறுக்கியது சரியா என்று தெரிய அது ஒன்றுதான் வழி. இரவில் விழுந்த சோதனை பகலில் பொறுக்கியதில் இல்லையென்றால், அது நம் பொறுக்கலின் தவறு. அதைக் குறித்து வைத்தால் எந்த வாசலை மறந்தோம் என்று தெரியும்.

தம்பி, 46இல் என் தேர்வு இது. இ-வே பில்லுக்கான ஜேசான் கோப்பு எழுதும் இரண்டு. மாநிலத்துக்குள் பில் அச்சிடும் ஒன்று. விற்பனைத் திருப்பம் இரண்டு, ஏனென்றால் பழைய பில்லோடு பைசா பொருந்த வேண்டும். மாதாந்திரக் கணக்கறிக்கையின் கூட்டுத்தொகை சரிபார்க்கும் ஒன்று. தள்ளுபடியோடு பில் போடும் ஒன்று. ஏழும் சேர்ந்து 12 நிமிடம்தான். உள்நுழைவு, வாடிக்கையாளர் சேர்த்தல், சரக்கு இருப்பு எல்லாம் இரவுக்கு. நகல் எடுப்பதை நீயே கையால் பார்.

நகரி நண்பன்

இ-வே பில் கோப்புக்கு 594இலேயே சோதனை இருக்குமே. அது ஓடினால் போதாதா? உலாவியில் எதற்கு இரண்டாவது தடவை?

செங்கோட்டைப் பையன்

இருக்கிறது, பச்சையாகவும் வந்தது. ஆனால் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தச் சோதனையில் வரித் தொகையை நானே கையால் `5.35` என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முழுமையாக்கும் சார்பு அதற்குள் வரவே இல்லை. வரைபடத்தின் 388இலும் அது இல்லை. உலாவியில் ஓட்டியதும் இரண்டும் விழுந்தன:

```
TypeError: Object of type Decimal is not JSON serializable
```

மாலை அனுப்பியிருந்தால் புளியரைச் சாவடிக்கு முன்னால் லாரி நின்றிருக்கும், கடைக்காரர் என்னைக் கூப்பிட்டிருப்பார்.

கோப்பு எழுதும் இடத்தில் மாற்றிவிட்டேன், இரண்டும் ஓடுகின்றன. மற்ற ஐந்தும் சரி. நகல்தான் வம்பு. போன மாதத்துப் பில்லை எடுத்தேன், வாங்கியவரிடம் 5.34 என்று தாள் இருக்கிறது, என் நகல் 5.36 காட்டுகிறது.

நகரி நண்பன்

நகலுக்குப் பழைய சார்பையே கூப்பிடு. தேதி பார்த்து, இன்றைக்கு முந்தைய பில் என்றால் `round`. இரண்டு வரி.

கொழிஞ்சாம்பாறைக்காரி

அது இன்றைக்கு ஓடும். அடுத்த விதி வரும்போது மூன்றாவது தேதி, பிறகு நான்காவது. சேமித்த தொகையை எடுத்து அச்சிடுவதுதான் சரி. ஆனால் அது சின்ன மாற்றம் இல்லை, இன்று மாலைக்குள் முடியாது.

குற்றாலச்சாரல்

முடியாதென்றால் அனுப்பாதே. இரண்டு பைசா குறைவாக இத்தனை மாதம் ஓடியது, இன்னும் இரண்டு நாள் ஓடட்டும்.

கம்பம் கணக்குப்பிள்ளை

நகல் பொத்தானை மட்டும் இரண்டு நாள் மறைத்துவிட்டு அனுப்பலாமே? மாதத்தின் நடுவில் யாரும் நகல் கேட்பதில்லை.

செங்கோட்டைப் பையன்

ஐயா சொன்னதை முதலாளியிடம் கேட்டேன். கடைக்காரர்களில் மூன்று பேர் தினமும் நகல் எடுப்பவர்களாம். இப்போது நகரி நண்பர் சொன்ன இரண்டு வரியைப் போட்டு, அதற்கு ஒரு சோதனையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்குக் கோபம் வரும் என்று தெரியும். இரவு ஓட்டம் முடிந்ததும் எது விழுந்தது என்று காலையில் எழுதுகிறேன்.