சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதின சிகிச்சை மனு: உங்க அனுபவம்?

மனுக்காரன்:
உள்ளே இருந்தப்போ எங்க பிளாக்குக்கே மனு எழுதிக் கொடுத்தவன் நான். ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. பக்கத்துப் படுக்கைப் பெரியவருக்குச் சர்க்கரை. சாயங்காலம் மருந்து கொடுக்கும்போதே இன்சுலினும் போட்டுடுவாங்க. சாப்பாடு வர ரொம்ப நேரம் ஆகும். அதுக்குள்ள கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சம்பந்தமில்லாமப் பேசுவார். "முறையான சிகிச்சை அளிக்க வேண்டும்"னு மனு கொடுத்தோம். "சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது"ன்னு பதில். பொய்யுமில்லையே, ஊசி தினமும் போட்டாங்களே!

அடுத்த மனுவில் புலம்பலே கிடையாது. தேதிவாரியா ஊசி போட்ட நேரம், தட்டு வந்த நேரம், நடுக்கம் வந்த நேரம். கீழே ரெண்டு கோரிக்கை: டாக்டர் சொல்ற இடைவெளியில சாப்பாடு வரணும், நடுங்கினா உடனே சர்க்கரை அளவு பார்க்கணும். ரவுண்ட்ஸ் வந்த கண்காணிப்பாளர் நின்னபடியே படிச்சார். வார்டர் பக்கம் திரும்பி, "இவர் தட்டு முதல்ல வரட்டும்"னார். அவ்வளவுதான்.

நெருப்புக்கோழி:
கதை நல்லாயிருக்கு. எங்க அண்ணன் நெஞ்சுவலின்னு கொடுத்த மனு எங்கே போச்சுன்னே தெரியல. கண்காணிப்பாளரை நம்பாதீங்க, நேரா கோர்ட்டுக்குப் போங்க.

பழைய மருந்தாளுநர்:
சிறை மருத்துவமனையில இருந்தவன் சொல்றேன். நெஞ்சுவலிக்கு மனு எழுதிக்கிட்டு இருக்கக் கூடாது, அப்பவே வார்டரைக் கூப்பிடணும். மத்ததுக்குக் கோர்ட்டுக்கே போனாலும், "சிறையில சொன்னீங்களா"ன்னுதான் கேப்பாங்க. அதனால நகல்ல தேதியோட கையெழுத்து வாங்கிடணும்.

கைதிகளை எப்படி நடத்தணும்னு 2015-ல் ஐ.நா. ஏத்துக்கிட்ட மண்டேலா விதிகள்ல 27-ஐப் பாருங்க. மருத்துவ முடிவு மருத்துவப் பணியாளர் கையில. சிறை அலுவலர் அதை மாத்தவும் கூடாது, கண்டுக்காம விடவும் கூடாது. அதனால "டோஸைக் குறைங்க"ன்னு கண்காணிப்பாளருக்கு எழுதிப் பிரயோஜனமில்ல. டாக்டர் வெளி மருத்துவமனைக்கு எழுதியும் வழிக்காவல் இல்லாம தேதி தவறிச்சா, அதை எழுதுங்க. அது அவர் தீர்க்க வேண்டியது. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி இன்சுலினுக்கு இன்சுலின் மாறும், ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் எழுதாதீங்க.

நெருப்புக்கோழி:
கையெழுத்தே போட மாட்டேன்னா?

செல்வி அக்கா:
பரோல் மனுவைப் பத்தித்தானே பேசுறீங்க? எங்க மாமாவுக்குப் பல் வீங்கி, வலி மாத்திரையிலேயே ஓட்டிட்டாங்க. நேர்காணல்ல பார்த்தப்போ வாயே திறக்க முடியல. தம்பி, மனு ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. வழக்கு விவரம் எழுதக் கூடாது. வீட்டுல இருக்கிற பழைய மருந்துச் சீட்டு நகலையும் சேர்க்கணும். கோபமா ஒரு வார்த்தை வேண்டாம், அது கோப்புல கிடக்கும்.

மனுக்காரன்:
பரோல் இல்லக்கா. பெரியவரை அப்புறம் வேற சிறைக்கு மாத்திட்டாங்க. அங்கேயும் தட்டு முதல்ல வருதான்னுதான் கேள்வி.

பழைய மருந்தாளுநர்:
மருத்துவக் கோப்பு கூடவே போகணும், 26-வது விதி. ஆனா வார்டர்கிட்ட வாயால சொன்னது கோப்புல ஏறாது. டாக்டர் எழுதினாரா?