தாங்கல் திறனா, தாங்கல் இருப்பா?

மங்கையர்க்கரசி எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இளநிலை வேதியியல் மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டில், அமிலமோ காரமோ சேர்ந்தாலும் pH-ஐ அதிகம் மாறவிடாத தாங்கல் கரைசல் பற்றிய பகுதியை எழுதி வருகிறேன். 'தாங்கல் திறன்' என்ற சொல் பாடநூல்களில் ஏற்கெனவே வழங்குவதால் கலைச்சொல் சிக்கல் எதுவும் வராது என்று எண்ணியிருந்தேன். சோதனையை எண்களோடு எழுதிப் பார்த்தபோதுதான், அந்த ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு அளவுகளைக் குறித்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

சோதனை இதுதான். pH 5.00 உள்ள அசெட்டேட் தாங்கல் கரைசல் 500 மி.லி. வேண்டும், அமிலமும் உப்பும் சேர்ந்த மொத்தச் செறிவு 0.10 மோலார். அசெட்டிக் அமிலத்தின் pKa மதிப்பு 4.76. ஆகவே,

```
pH = pKa + log([உப்பு]/[அமிலம்])
5.00 = 4.76 + log([உப்பு]/[அமிலம்])
[உப்பு]/[அமிலம்] = 1.74
```

கரைசலில் மொத்தம் 50 மில்லிமோல் இருக்க வேண்டும் என்பதால், இந்த விகிதப்படி உப்பு 31.74 மில்லிமோலும் அமிலம் 18.26 மில்லிமோலும் ஆகின்றன. மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட சோடியம் அசெட்டேட்டில் 4.32 கிராமும், உறை அசெட்டிக் அமிலத்தில் சுமார் 1.05 மி.லி.யும் எடுத்து 500 மி.லி.க்கு நிரப்ப வேண்டும்.

இதில் 1.0 மோலார் NaOH கரைசலை 5 மி.லி. சேர்த்தால், வந்த 5 மில்லிமோல் காரமும் அதே அளவு அமிலத்தை உப்பாக மாற்றிவிடுகிறது. அமிலம் 13.26, உப்பு 36.74, புதிய pH 5.20. அதே 5 மி.லி.யை வெறும் நீரில் சேர்த்திருந்தால் pH ஏறத்தாழ 12 ஆகியிருக்கும். இதுவரை மாணவர்களுக்குக் குழப்பமில்லை. தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போகும்போது, 10 மி.லி.யில் 5.46, 15 மி.லி.யில் 5.92, 18 மி.லி.யில் 7.04, 20 மி.லி.யில் 11.5 என்று கரைசல் திடீரெனக் கைவிட்டுவிடுகிறது. 'தாங்கல் திறன் எவ்வளவு?' என்று கேட்டால் பாதிப் பேர் சூத்திரத்தில் போட்டு 0.053 என்கிறார்கள்; மீதிப் பேர் 18 மில்லிமோல் என்கிறார்கள். இருவரையும் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது அளவுக்குத் தனிச்சொல் ஒன்று வேண்டும் என்று நினைக்கிறேன்.

கூடவே ஒரு சிறு கேள்வி. ஒரு குழுவின் கரைசல் pH மானியில் 4.9 காட்டியது, இன்னொரு குழுவினுடையது 4.7 காட்டியது. மானியை 4.01, 7.00 திட்டக் கரைசல்களில் சரிபார்த்தாகிவிட்டது. பிறகு ஏன் 5.00 வரவில்லை?

அருண் எழுதியது:

கணினித் துறையில் buffer என்ற இதே ஆங்கிலச் சொல்லுக்கு 'இடையகம்' என்று நெடுநாளாக வழங்குகிறோம். வேதியியலிலும் 'இடையகக் கரைசல்' என்றே வைத்தால் ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்ற ஒழுங்கு கிடைக்கும். 'தாங்கல்' என்றால் எனக்கு மனத்தாங்கல்தான் நினைவுக்கு வருகிறது.

மேலும், pH என்பது உப்பு, அமில விகிதத்தை மட்டுமே சார்ந்தது என்று உங்கள் சமன்பாடே காட்டுகிறது. இந்தக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தாலும் pH 5.00 ஆகவே இருக்கும். அப்படியானால் தாங்கும் தன்மையும் அந்த விகிதத்தைப் பொறுத்ததுதானே? அதற்கு இரண்டு சொற்கள் எதற்கு?

சிவஞானம் எழுதியது:

மங்கையர்க்கரசி அவர்களுக்கும் அருண் தம்பிக்கும் வணக்கம்.

முதலில் மானிச் சிக்கல். 4.9 காட்டிய குழு தவறு செய்யவில்லை. 4.76 என்பது மிக நீர்த்த கரைசலுக்குரிய pKa. ஏறத்தாழ 0.06 மோலார் உப்பு உள்ள கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால் அசெட்டேட் அயனியின் செயல்திறன் குறைந்து, pKa ஏறத்தாழ 0.1 கீழிறங்கியதுபோல் நடந்துகொள்ளும். 4.7 காட்டிய குழுவினர் உப்பை நிறுத்த தாளைக் கேட்டுப் பாருங்கள். நீரற்ற உப்பின் மூலக்கூற்று எடையான 82-ஐக் கொண்டு 2.60 கிராம் எனக் கணக்கிட்டு, நீரேறிய உப்பை அந்த அளவு நிறுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அப்போது உப்பு 31.7-க்குப் பதில் 19.1 மில்லிமோல்தான் விழுந்திருக்கும். கணக்குப்படியே pH 4.78, மானியில் இன்னும் சற்றுக் குறைவு. புட்டியின் மேல் எழுதியிருக்கும் எடையைப் பார்த்துவிட்டுத் தராசிடம் போவதே இதற்கு மருந்து.

அருண் சொன்னதில் பாதி சரி. பத்து மடங்கு நீர்த்தாலும் pH பெரிதாக மாறாதுதான். ஆனால் நீர்த்த கரைசலில் 500 மி.லி. எடுத்தால் அதில் அமிலம் 1.83 மில்லிமோல்தான் இருக்கும். அரசி அவர்கள் சேர்த்த அதே 5 மி.லி. NaOH அதை முழுவதும் தின்று, மீதி 3.17 மில்லிமோல் காரம் அப்படியே நிற்கும். pH 11.8. விகிதம் pH-ஐச் சொல்கிறது. தாங்குவது எவ்வளவு என்பதைச் செறிவும் சேர்ந்தே சொல்கிறது.

'இடையகம்' எனக்கு ஒப்பவில்லை. கணினியில் தரவு இரண்டு இடங்களுக்கு இடையே சற்றுத் தங்குகிறது. இங்கே எதுவும் இடையில் தங்கவில்லை. வந்த காரம் அழிந்துபோகிறது. நான் 'தாங்கற் கரைசல்' என்றே எழுதிப் பழகியவன். லகரம் றகரமாவதைத் தவிர நமக்குள் வேறுபாடில்லை.

இப்போது மூலக் கேள்வி. 0.053 என்ற எண், உயிர்வேதியியலாளர் வான் சிலைக் 1922-இல் வரையறுத்த β, அதாவது லீட்டருக்குச் சேர்க்கும் காரத்தின் மோல் அளவை அதனால் வரும் pH மாற்றத்தால் வகுத்தது. அது ஒரு புள்ளியில் உள்ள சரிவு மட்டுமே. pH 5.00-இல் லீட்டருக்கு 0.01 மோல் காரம் சேர்த்தால் இந்த எண் தரும் மாற்றம் 0.19, உண்மையில் வந்தது 0.20. சற்று நகர்ந்தாலே சரிவு மாறிவிடுவதுதான் காரணம். இன்னொன்றும் உண்டு: β-வுக்குத் திசை தெரியாது. அமிலம் சேர்த்தாலும் காரம் சேர்த்தாலும் அந்தப் புள்ளியில் ஒரே மதிப்புத்தான். ஆனால் உங்கள் கரைசலில் காரத்தை எதிர்க்க 18.26 மில்லிமோலும், அமிலத்தை எதிர்க்க 31.74 மில்லிமோலும் இருக்கின்றன. 18 மில்லிமோல் என்று சொன்ன மாணவர்கள் இந்தக் கையிருப்பைத்தான் கண்டிருக்கிறார்கள். ஆகவே 'தாங்கல் இருப்பு' என்று முன்மொழிகிறேன். திசை வேண்டியபோது 'கார எதிர்ப்பிருப்பு', 'அமில எதிர்ப்பிருப்பு' எனப் பிரிக்கலாம்.

முத்துக்குமார் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் வேதாரண்யம் பக்கம் இறால் வளர்க்கிறேன். குளத்து நீரில் காலையில் pH 7.8 இருக்கிறது, மாலையில் 8.7 வரை ஏறுகிறது. டோலமைட் போட்டு நீரின் காரத்தன்மையை 120 பி.பி.எம்.க்கு மேல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். இங்கே பேசும் கரைசலைக் குளத்தில் ஊற்றினால் இந்த ஏற்றம் நிற்குமா? காரத்தன்மை என்றாலே காரம்தானே, அதைக் கூட்டினால் pH இன்னும் ஏறாதா?

சிவஞானம் எழுதியது:

முத்துக்குமார் தம்பி, அசெட்டேட்டைக் குளத்தில் ஊற்ற வேண்டாம். நுண்ணுயிர்கள் அதை உண்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், 4.76-ஐச் சுற்றி வேலை செய்யும் கரைசல் 8-இல் உதவவும் செய்யாது. உங்கள் குளத்தில் பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் pH ஏறுகிறது. இரவில் அது திரும்பி வருகிறது. அந்த நீரைத் தாங்குவது பைகார்பனேட்.

ஆனால் நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி எங்கள் விவாதத்துக்கு நேராக வந்து சேர்கிறது. 120 பி.பி.எம். என்ற எண்ணை எப்படி அளக்கிறார்கள்? நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, pH ஏறத்தாழ 4.5-க்கு இறங்கும்வரை எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கிறார்கள். அதாவது அது நீரின் அமில எதிர்ப்பிருப்பு. pH என்னவென்று அது சொல்லவில்லை. அமிலம் வந்தால் எவ்வளவு தாங்கும் என்றே சொல்கிறது. 'காரத்தன்மை' என்ற பெயர் உங்களைக் குழப்பியதில் வியப்பில்லை.

மங்கையர்க்கரசி எழுதியது:

சிவஞானம் ஐயாவுக்கு நன்றி. நிறுத்த தாளைப் பார்த்தேன், 2.60 என்றுதான் எழுதியிருக்கிறது.

'இருப்பு' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அருண் தம்பிக்கு ஒன்று: மனத்தாங்கல் ஒருபுறம் இருக்கட்டும், வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்ற ஊர்ப்பெயர்களில் இருக்கும் தாங்கல், மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறு ஏரி. ஏரியில் இன்னும் எவ்வளவு நீர் கொள்ளும் என்பது ஒரு கேள்வி; நீர் வர வர மட்டம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பது வேறொரு கேள்வி. முன்னது இருப்பு, பின்னது திறன்.

ஆனால் கையேட்டில் எண் எழுதப் போனதும் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அமிலம் முழுவதும் தீரும்வரை கணக்கிட்டால் கார எதிர்ப்பிருப்பு 18.26. தாங்கல் கரைசல் pKa-வுக்கு ஒன்று மேலும் கீழுமே பயன்படும் என்றும் நாமே கற்பிக்கிறோம். அந்த எல்லையான 5.76-ஐ அடையும்போது அமிலம் இன்னும் 4.55 மில்லிமோல் எஞ்சியிருக்கும்; செலவானது 13.7 மட்டுமே. இருப்பு எனப்படுவது எது?

அருண் எழுதியது:

ஏரி என்றதும் 'இடையகம்' பற்றிய என் வாதம் தளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே உவமை உங்களுக்கு எதிராகவும் திரும்புகிறது. நான் 'ஏரியின் இருப்பு' என்று கேட்டால் உள்ளே கிடக்கும் நீரைத்தான் நினைப்பேன், இன்னும் கொள்ளும் இடத்தை நினைக்கமாட்டேன்.

சிவஞானம் எழுதியது:

அருண் பிடித்த பிடி சரியானது. இருப்பில் உள்ளது நீரல்ல, வருகிற காரத்தைத் தின்னக் காத்திருக்கும் அமிலம். அந்த வகையில் சொல் நிற்கிறது, ஏரி உவமைதான் நழுவுகிறது. கையேட்டில் ஏரியைச் சேர்க்காமல் விடலாம்.

எல்லை பற்றி என் கருத்து: குளத்து நீரை அளப்பவர்கள் 4.5 என்று முடிவுப்புள்ளியைச் சொல்லியே எண்ணைத் தருகிறார்கள். நாமும் 'pH 5.76 வரை கார எதிர்ப்பிருப்பு 13.7 மில்லிமோல்' என எல்லையோடு எழுதலாம். எல்லை சொல்லப்படாதபோது முழு அமிலமும் தீரும்வரை என்று கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் 15 மி.லி.யில் 5.92-க்கு வந்துவிட்ட கரைசலை எந்த ஆய்வாளரும் பயன்படுத்தமாட்டார் என்பதால், 13.7-ஐயே இயல்பான பொருளாக வைக்க வேண்டும் என்று யாரேனும் வாதிட்டால் அதை மறுக்க என்னிடம் வலுவான காரணம் இல்லை.

மங்கையர்க்கரசி எழுதியது:

இப்போதைக்கு எல்லை pH-ஐ ஒவ்வொரு முறையும் எழுதிவிடுகிறேன், ஐயா. அடுத்த வாரம் மாணவர்கள் ஐந்தைந்து மி.லி.யாகச் சேர்த்து மானியில் படிக்கப்போகிறார்கள். எல்லையைக் கணக்கிலிருந்து எடுப்பதா, மானி காட்டும் சற்றுக் குறைவான pH-இலிருந்து எடுப்பதா என்பதும் அப்போது எழும்.