பயோட்டின் இடையூறு, கிடுக்கிப்பிடிச் சோதனை: சொல் தேடல்

மீனாட்சி எழுதியது:

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு தாள்கள் தமிழில் எழுத வேண்டும். ஒன்று, சாம்பிள் கொடுக்க வருபவர்களுக்கான அறிவிப்பு. இன்னொன்று, புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களுக்கான குறிப்பேடு. இரண்டிலும் பயோட்டின் என்னும் விட்டமின் மாத்திரை ஹார்மோன் சோதனையைக் கெடுப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். 34 வயதுப் பெண்ணுக்குத் தைராய்டு ரிப்போர்ட்டில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச் 0.09, தைராய்டு சுரக்கும் ஃப்ரீ டி4 2.9. எங்கள் கருவியில் ஃப்ரீ டி4-க்கு மேல் எல்லை 1.7. தாளை மட்டும் பார்த்தால் தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரக்கிறது. ஆனால் டாக்டர் போன் செய்து, "ரிப்போர்ட்டுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே" என்றார். நாடித்துடிப்பு 74, கை நடுக்கம் இல்லை, எடை குறையவில்லை. விசாரித்ததில் முடி கொட்டுகிறது என்று தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை இரண்டு சாப்பிடுகிறார். அன்று காலை 8 மணிக்கு மாத்திரை, 9.30-க்கு ரத்தம்.

எனக்கு வேண்டியவை மூன்று சொற்கள். மாத்திரை செய்யும் இந்த வேலைக்கு ஒன்று. சாண்ட்விச் வகைச் சோதனைக்கு ஒன்று. போட்டி வகைக்கு ஒன்று. சாண்ட்விச்சுக்கு "இடைச்செருகல்" என்று எழுதிப் பார்த்தேன். பழைய பாட்டில் யாரோ செருகிய வரி மாதிரி இருக்கிறது, எடுத்துவிட்டேன்.

*

ராமநாதன் எழுதியது:

இதில் தேடவே வேண்டாம் அம்மா. "குறுக்கீடு" என்ற சொல் பள்ளி இயற்பியலில் பல ஆண்டுகளாக இருக்கிறது. இரண்டு அலைகள் சந்தித்தால் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். உங்கள் ரிப்போர்ட்டிலும் ஒன்று கூடி ஒன்று குறைந்திருக்கிறதே. கருவி ஒளியை அளக்கிறது என்றால் பயோட்டின் அந்த ஒளியோடு குறுக்கிடுகிறது என்று கொள்ளலாம்.

*

சிவகுமார் எழுதியது:

ராமநாதன் ஐயா, இது அலைக் கணக்கு இல்லை. நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், கம்பெனிக்காரர்கள் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். பயோட்டின் அதிகமானால் சோதனையின் ரிசல்ட் குறைவாக வரும். இதயத்துக்குப் பார்க்கும் ட்ரோபோனின்கூடக் குறைவாக வந்து, மாரடைப்பு தெரியாமல் போகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. ஆகவே "பொய்க்குறைவு" என்றே வைத்துவிடுங்கள். மக்களுக்கும் புரியும்.

*

தேன்மொழி எழுதியது:

சிவகுமார் சொன்ன எச்சரிக்கை உண்மை. அப்படி ஒருவர் இறந்த தகவலும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. ஆனால் "பொய்க்குறைவு" பாதிதான் சரி. மீனாட்சியின் ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 கூடித்தானே இருக்கிறது? சொல்லுக்குள்ளேயே திசையை வைத்துக்கொண்டால் மறுபாதியைச் சொல்ல இன்னொரு சொல் தேட வேண்டியிருக்கும். நடப்பது ஒரே சங்கதிதான்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நுண்ணிய காந்த மணிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசியிருக்கிறது. அதற்குப் பயோட்டினைக் கண்டால் விடாது. புரதங்களில் இவ்வளவு இறுக்கமான பிடி அபூர்வம். அந்தப் பிடியைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் கிட் செய்பவர்கள் எதிர்ப்பொருளின் முதுகில் பயோட்டினைக் கட்டி விடுகிறார்கள். மணி கட்டுத்தறி, பயோட்டின் கயிறு, எதிர்ப்பொருள் மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி.எஸ்.ஹெச் சோதனை சாண்ட்விச் வகை, அதில் இரண்டு எதிர்ப்பொருள்கள். ஒன்று கயிறு கட்டியது, இன்னொன்று ஒளி தருவது. இரண்டும் டி.எஸ்.ஹெச்சை இரு பக்கமும் கவ்வுகின்றன. அப்புறம் காந்தம் மணிகளைப் பிடித்துக்கொள்ள, மற்றதெல்லாம் கழுவப்படும். மிஞ்சும் ஒளி எவ்வளவோ அவ்வளவு டி.எஸ்.ஹெச். மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் சீரத்தில் நிறைய இருந்தால் அது முந்திக்கொண்டு தறிகளை நிரப்பிவிடும். கவ்வல் ஒழுங்காகத்தான் நடக்கிறது, கட்ட இடம்தான் இல்லை. எல்லாம் கழுவலோடு போகும். ஒளி குறையும், கருவி டி.எஸ்.ஹெச் குறைவு என்று அச்சடிக்கும்.

ஃப்ரீ டி4 சிறிய மூலக்கூறு. இரண்டு பக்கமும் கவ்வ அதில் இடமில்லை. அதனால் அங்கே போட்டி. ஒளி தரும் எதிர்ப்பொருளில் நோயாளியின் டி4 பிடித்தது போக மிச்ச இடத்தைக் கயிறு கட்டிய டி4 பிடிக்கும். நோயாளியிடம் டி4 அதிகம் என்றால் மணியில் ஒளி குறைவு. கருவிக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. இப்போது தறி அடைபட்டாலும் ஒளி குறைவு. கருவிக்கு வித்தியாசம் தெரியாது, டி4 அதிகம் என்று எழுதிவிடும்.

இரண்டிலும் ஒளி குறைந்ததுதான் நடந்தது. எண் மட்டும் எதிரெதிராகப் போனது. அதனால் என் முன்மொழிவு "பிணைப்பிட அடைப்பு". எங்கே நடக்கிறது என்பதை அது சொல்லும், எந்தப் பக்கம் போகும் என்று சொல்லாது. சாண்ட்விச்சுக்கு "இருபிடிச் சோதனை", மற்றதுக்கு "போட்டிச் சோதனை".

*

கதிர் எழுதியது:

எனக்கும் இதே சந்தேகம் ரொம்ப நாளாக. என் அம்மா பல்விட்டமின் மாத்திரை போடுகிறார், அட்டையில் பயோட்டின் 30 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை ஒரு நாள் 140, மறுநாள் 210. இதுதான் காரணமா? மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

*

தேன்மொழி எழுதியது:

கதிர், இல்லை. குளுக்கோஸ் நொதி வைத்துப் பார்க்கும் சோதனை, அதில் இந்தத் தறியே கிடையாது. தவிர 30 மைக்ரோகிராம் என்பது பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமென்று சொல்லப்படும் அளவுதான். மீனாட்சி சொன்ன பெண் அதைப் போல 600 மடங்குக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார். அம்மாவின் சர்க்கரைக்கு டாக்டரைப் பாருங்கள், பயோட்டினை விட்டுவிடுங்கள்.

*

சிவகுமார் எழுதியது:

சரி அக்கா, தோற்றுவிட்டேன். ஆனால் "இருபிடி" வேண்டாம், பரோட்டா கணக்கு மாதிரி இருக்கிறது. தமிழில் ஏற்கெனவே "கிடுக்கிப்பிடி" இருக்கிறதே. இரண்டு பக்கமும் கவ்வுவது அப்படியே அதில் இருக்கிறது.

இன்னொன்று. சாம்பிளைத் தண்ணீர் கலந்து மறுபடி ஓட்டினால் கண்டுபிடித்துவிடலாம் என்று கேள்விப்பட்டேன். சரிதானே?

*

ராமநாதன் எழுதியது:

கிடுக்கிப்பிடி என்றால் போலீஸ் விசாரணை அல்லவா நினைவுக்கு வருகிறது? குறிப்பேட்டில் "கிடுக்கிப்பிடிச் சோதனைக்கு உட்படுத்தவும்" என்று போட்டால் புதுப் பையன் பயந்துவிடுவான்.

"குறுக்கீடு" பற்றி நான் சொன்ன விளக்கம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அலை எதுவும் இங்கே இல்லை. ஆனால் சொல் தவறில்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

*

மீனாட்சி எழுதியது:

சிவகுமார், நீர்த்துப் பார்ப்பது சில சோதனைகளுக்கு உதவும். பாதியாக நீர்த்தால் எண்ணும் பாதியாக வேண்டும். அப்படி வராமல் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் ஏதோ மறைத்திருக்கிறது என்று தெரியும். ஆனால் நீர்த்தால் ஃப்ரீ டி4-இன் சமநிலையே கலைந்துவிடும். டி.எஸ்.ஹெச் 0.09 என்றால் நீர்க்கவே மிச்சமில்லை.

நாங்கள் செய்தது வேறு. கிட்டில் வரும் அதே ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளை ஒரு குழாயில் எடுத்து, காந்தத்தை ஒட்டிவைத்து, மேலே நிற்கும் திரவத்தை முழுக்க உறிஞ்சி எடுத்தோம். இதை விட்டால் சீரம் நீர்த்துவிடும். அப்புறம் வெறும் மணிகளோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்து ஒரு மணி நேரம் மெதுவாகக் குலுக்கினோம். சீரத்தில் இருக்கும் பயோட்டின் எல்லாம் மணியில் ஏறிவிடும். மறுபடி காந்தம், மறுபடி உறிஞ்சல், அந்தச் சீரத்தைக் கருவியில் ஓட்டினோம். பயோட்டின் சாப்பிடாத இன்னொருவரின் சீரத்தையும் பக்கத்திலேயே இதே மாதிரி செய்தோம். அது மாறவில்லை என்றால்தான் மணி தன் பங்குக்கு எதையும் கெடுக்கவில்லை என்று நம்பலாம்.

பக்கத்துச் சீரம் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு டி.எஸ்.ஹெச் 1.8, ஃப்ரீ டி4 1.3 வந்தது. மாத்திரையை நிறுத்தி மூன்றாம் நாள் எடுத்த புது சாம்பிளும் கிட்டத்தட்ட அதே. ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்தோம்.

*

தேன்மொழி எழுதியது:

அழகான வேலை. ஒரு எச்சரிக்கை மட்டும் குறிப்பேட்டில் சேருங்கள். நரம்பு நோய்க்காகச் சிலருக்கு நாளுக்கு 300 மில்லிகிராம்வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த அளவில் நீங்கள் போடும் மணிகளும் நிரம்பிப் போகலாம். அப்போது எண் பாதிதான் திரும்பும், அதைச் சரியான விடை என்று நினைத்துவிடக் கூடாது. பயோட்டின் தறியில்லாத வேறு கருவிக்கு அனுப்பிப் பார்ப்பதே மேல்.

எனக்கு உண்மையில் பயம் 0.09 இல்லை. அது கண்ணில் படும். டி.எஸ்.ஹெச் நிஜத்தில் 9 இருக்கிற ஒருவருக்கு 3 என்று வந்தால் யார் போன் செய்வார்? ரிப்போர்ட் நலமாக இருக்கும், ஆளுக்கு மட்டும் அசதி தீராது. அதனால்தான் மணியை நம்பிப் பலனில்லை, முதலில் கேட்க வேண்டும். தைராய்டு பார்க்கக் குறைந்தது இரண்டு நாள் முன் நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடுபவர் 8 மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுக்கட்டும் என்று பல கிட்டுகளின் உள்தாளில் இருக்கிறது. சிறுநீரகம் சரியில்லாதவருக்கு அந்த 8 மணி போதாது. மாரடைப்புச் சந்தேகத்தில் வருபவரைக் காத்திருக்கச் சொல்லவும் முடியாது. அங்கே கிட்டைத்தான் மாற்ற வேண்டும். இப்போது வரும் பல கிட்டுகள் எக்கச்சக்கப் பயோட்டினையும் தாங்குகின்றன. ஆனால் ஒரே கருவியில் ஒரு சோதனை தாங்கும், இன்னொன்று தாங்காது. ஒவ்வொரு உள்தாளையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

*

நிர்மலா எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் "பிறபொருளெதிரி" என்றுதான் படித்தோம். உங்கள் "எதிர்ப்பொருள்" எனக்கு இயற்பியலின் எதிர்ப்பருப்பொருள் மாதிரி ஒலிக்கிறது. தாளில் இரண்டையும் ஒரு தடவையாவது போட்டால் இங்கேயும் பயன்படும். "பிணைப்பிட அடைப்பு" பிடித்திருக்கிறது. ஆனால் புதுக் கிட்டுகளில் இடம் அடைபடுவதில்லையே, அப்போது அந்தச் சொல் என்னவாகும்?

*

மீனாட்சி எழுதியது:

இப்போதைக்கு இப்படிப் போடுகிறேன். டெக்னீஷியன் குறிப்பேட்டில் "பிணைப்பிட அடைப்பு", "போட்டிச் சோதனை". சாண்ட்விச்சுக்கு "கிடுக்கிப்பிடிச் சோதனை" என்று எழுதிவிட்டேன், ராமநாதன் ஐயா மன்னிக்கவும். பையன்கள் சிரித்தார்கள், ஆனால் படம் வரையாமலே புரிந்துகொண்டார்கள். நிர்மலா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, தேன்மொழி அக்காதான் சொல்ல வேண்டும்.

மக்களுக்கான அறிவிப்பில் "பயோட்டின் இடையூறு" என்று மட்டும். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கவுன்டரில் "விட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்கிறார்கள். மிட்டாய் மாதிரி மெல்லுவதை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நேற்றிலிருந்து "முடிக்கோ நகத்துக்கோ ஏதாவது சாப்பிடுகிறீர்களா, கடைசியாக எப்போது?" என்று மாற்றினோம். முதல் பத்துப் பேரில் இரண்டு பேர் பையைத் திறந்து டப்பாவைக் காட்டினார்கள்.