வருமானத் தரவு வலப்பக்கம் நீள்கிறது, பூஜ்ஜியங்களை என்ன செய்வது?

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் வீட்டிலேயே முறுக்கு, சீடை, அதிரசம் செய்து விற்கும் 60 பேரின் மாத வருமானம் கையில் இருக்கிறது. கடைக்குப் போடுவோரையும் போனில் ஆர்டர் எடுப்போரையும் ஒப்பிட வேண்டும்.

மூன்று பேருக்கு அந்த மாதம் வருமானமே இல்லை. மற்ற 57 பேரில் கீழ்க்கால்மானம் 6,000, மேல்கால்மானம் 15,000 ரூபாய். இடைவெளி 9,000, அதன் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் மேல் எல்லை 28,500. அதைத் தாண்டி ஆறு பேர். படிவங்களைச் சரிபார்த்தாயிற்று, ஆறும் உண்மையான தொகை. கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள். இவர்களை நீக்குவது தவறு, ஆய்வுக்கு வேண்டியதே அந்த வேறுபாடுதான்.

மடக்கை எடுத்ததும் எல்லை சுமார் 59,300-க்குப் போகிறது. 88,000 ஒன்றுதான் வெளியே நிற்கிறது. இயல்புநிலையை மொத்த வருமானத்தில் பார்க்கவில்லை, எச்சங்களில்தான் பார்த்தேன்:

```
p <- subset(d, income > 0)
m <- lm(log(income) ~ group, data = p)
qqnorm(resid(m)); qqline(resid(m))
```

புள்ளிகள் கோட்டையொட்டியே வருகின்றன.

சிக்கல் பூஜ்ஜியத்தில். 1 கூட்டி மடக்கை எடுத்தால் அவர்கள் 0-இல், மற்றவர்கள் 9-ஐச் சுற்றி. இடப்பக்கம் புது விலகல்கள் முளைக்கின்றன. 1,000 கூட்டினால் படம் அழகாகிறது, ஆனால் கூட்டும் எண்ணைப் பொறுத்து விடையே மாறுகிறது. ‘வருமானம் உண்டா’ என்பதைத் தனியாகவும், ‘எவ்வளவு’ என்பதைத் தனியாகவும் பார்ப்பதா? மூன்றே பேரை வைத்து அது நிற்குமா? இல்லை, 60 பேரையும் சேர்த்து மான்-விட்னி போதுமா? செய்து பார்த்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.