‘உட்பட்டு’ என்று எழுதினால் போதுமா? காணித் தீர்மானத்தில் தொடங்கிய சண்டை

நானுஓயா ரயில்:
கூட்டறிக்கையில் ‘சட்ட அபிப்பிராயத்திற்கு உட்பட்டு அங்கீகரிக்கப்பட்டது’ என்று எழுதினால் போதும். அதற்கு மேல் நீட்டி எழுதுவது செயலாளர் தன் கெட்டித்தனத்தைக் காட்டத்தான். அபிப்பிராயம் வந்தால் நிபந்தனை தீர்ந்தது, அவ்வளவுதான்.

கொட்டகலை மழை:
‘வந்தால் தீர்ந்தது’ என்று நினைத்ததால் எங்கள் சங்கத்தின் 2 லட்சம் ரூபா இன்னும் வெளியில் நிற்கிறது. சங்கத்தின் பெயர் வேண்டாம். நான் அங்கே பதினொரு வருடம் செயலாளராக இருந்தவன், அந்த வரியை என் கையாலேயே சீ.ஆர். கொப்பியில் எழுதினேன்.

வாசிகசாலை கட்ட ரோட்டோரம் 8 பேர்ச் காணி பார்த்தோம். ‘சட்ட அபிப்பிராயத்திற்கு உட்பட்டு கொள்வனவு அங்கீகரிக்கப்பட்டது’ என்று தீர்மானம். மூன்று வாரத்தில் சட்டத்தரணியின் கடிதம் வந்தது, இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் உறுதிகள் சரி என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில், காணி இன்னும் பிரிபடாத பங்கு, விற்பவரின் தங்கையும் கையொப்பமிட்டால்தான் முழுக் காணியும் சங்கத்துக்கு வரும் என்று எழுதியிருந்தார். பொருளாளர் ‘அபிப்பிராயம் கிடைத்தது’ என்று கோவையில் போட்டுவிட்டு முற்பணத்துக்குக் காசோலை எழுதிவிட்டார். தங்கை கையொப்பமிட மறுத்துவிட்டார். காணியும் இல்லை, காசும் இல்லை.

இப்போது சொல்லுங்கள், அந்த நிபந்தனை தீர்ந்ததா? அபிப்பிராயம் வந்தது உண்மைதான். ஆனால் அந்த அபிப்பிராயமே இன்னொரு நிபந்தனையோடுதான் வந்தது. ‘உட்பட்டு’ என்ற சொல் எதற்கு உட்பட்டு என்று சொல்லவில்லை. கடிதம் வருவதற்கா, கடிதம் சாதகமாக இருப்பதற்கா?

நானுஓயா ரயில்:
அது உங்கள் பொருளாளரின் பிழை, சொல்லின் பிழை இல்லை. ‘உட்பட்டு’ என்றால் சாதகமான அபிப்பிராயம் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். விளங்காதவரை ஏன் பொருளாளராக வைத்தீர்கள்?

மஸ்கெலியா பொருளாளர்:
பொருளாளர்களை இழுக்க வேண்டாம் அண்ணே. நாங்கள் பார்ப்பது கொப்பியில் உள்ள வரியை. அதில் ‘பணம் கொடுக்க வேண்டாம்’ என்று இல்லையென்றால், அங்கீகாரம் இருக்கிறது, கடிதம் இருக்கிறது, விற்பவர் வாசலில் நிற்கிறார், காசோலையை எழுதத்தான் செய்வோம். பிறகு கணக்காய்வில் ஏச்சு வாங்குவதும் நாங்கள்தான்.

இன்னொன்று. அடுத்த கூட்டத்தில் கூட்டறிக்கையை முன்மொழிந்து வழிமொழிந்து ஏற்றதோடு நிபந்தனையும் முடிந்ததாகத்தானே அர்த்தம்? எங்கள் சங்கத்தில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம்.

கொட்டகலை மழை:
தம்பி, முதலில் சொன்னது சரி, இரண்டாவது சரியில்லை. கூட்டறிக்கையை ஏற்பது என்றால் அன்றைக்கு நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஏற்பது மட்டும்தான். நிபந்தனையோடு எழுதியதை ஏற்றால் நிபந்தனை நிபந்தனையாகவே நிற்கும். அது தீர வேண்டுமென்றால் தீர்ந்தது என்று தனியாக ஒரு வரி விழ வேண்டும். காசு போன பிறகு நான் எழுதப் பழகியது இப்படி:

“தீர்மானம் 7: 8 பேர்ச் காணியை வாங்க அங்கீகரிக்கப்பட்டது. முழுக் காணிக்கும் உரிமை குறையின்றி வரும் என்று சட்டத்தரணி எழுத்தில் தந்து, அதைக் குழு வாசித்து ஏற்கும் வரை முற்பணம் உட்பட எந்தப் பணமும் கொடுக்கப்படமாட்டாது, எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடப்படமாட்டாது. அபிப்பிராயத்தைப் பெறுவது செயலாளரின் பொறுப்பு. ஜூன் 30-க்குள் நிறைவேறாவிட்டால் இந்த அங்கீகாரம் காலாவதியாகும்.”

பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் ‘முந்தைய கூட்டறிக்கையிலிருந்து எழும் விடயங்கள்’ என்பதன் கீழே ‘தீர்மானம் 7, நிபந்தனை நிலுவையில்’ என்று வரும். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லையென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதுவேன், வரியை எடுக்க மாட்டேன். கடைசியில் ‘மே 12 திகதியிட்ட அபிப்பிராயம் வாசிக்கப்பட்டது, தீர்மானம் 7-இன் நிபந்தனை நிறைவேறியதாகக் குழு ஏற்றது’ என்று எழுதிய பிறகுதான் அது பட்டியலை விட்டுப் போகும். கடிதத்தின் பிரதியும் அந்தப் பக்கத்தோடு ஒட்டப்படும்.

பண்டாரவளை டீச்சர்:
சட்டத்தரணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? எங்கள் கோயில் மண்டபக் குத்தகைக்கு ஒரு அபிப்பிராயம் கேட்டோம், அதற்குக் கொடுத்த காசில் கூரைத் தகடே மாற்றியிருக்கலாம். இவ்வளவு சின்னக் காணிக்கு இதெல்லாம் தேவைதானா?

கொட்டகலை மழை:
டீச்சர், கட்டணம் வேறு கதை. அபிப்பிராயம் கேட்பதா வேண்டாமா என்பது இங்கே பேச்சு இல்லை. கேட்பது என்று முடிவெடுத்த பிறகு அதை எப்படி எழுதுவது என்பதுதான்.

பண்டாரவளை டீச்சர்:
எங்கள் ஊரில் காசுதான் முதல் பேச்சு. அதைச் சொன்னேன்.

நானுஓயா ரயில்:
சரி, நான் ஒன்று கேட்கிறேன். ‘ஜூன் 30’ என்று கூட்டத்தில் யாராவது சொன்னார்களா? ‘முற்பணம் கொடுக்க வேண்டாம்’ என்று யாராவது சொன்னார்களா? சொல்லாததைச் செயலாளர் எழுதினால் அது கூட்டறிக்கை இல்லை, செயலாளரின் ஆசை. கூட்டம் சொன்னது ‘உட்பட்டு’. எழுத வேண்டியதும் ‘உட்பட்டு’. பதினொரு வருடம் இருந்தவருக்கு இது தெரியாதா?

கொட்டகலை மழை:
தெரியும். இந்த ஒரு இடத்தில் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு பிழை. வீட்டுக்குப் போய் எழுதும்போது சேர்க்கச் சொல்லவில்லை. தலைவர் அடுத்த விடயத்துக்குப் போகும் முன் செயலாளர் கையைத் தூக்க வேண்டும். ‘ஐயா, யார் கேட்பது, எப்போதைக்குள், அதுவரை எதைச் செய்யக் கூடாது, சரி என்று யார் சொல்வது’ என்று கேட்டு, எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு நிமிடம் போகும். அப்போது அது கூட்டத்தின் சொல். அன்றைக்கு நான் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் எழுந்துவிட்டார்கள், நானும் ‘உட்பட்டு’ என்று எழுதி கொப்பியை மூடிவிட்டேன்.

நானுஓயா ரயில்:
அப்படியென்றால் பிழை உங்களுடையது என்று இப்போதாவது வந்தது. சொல்லின் பிழை இல்லை.

ஹப்புத்தளைக் காற்று:
எங்கள் பக்கம் நிலைமை வேறு. தோட்டக் காணியில் பெரும்பகுதி 1992-க்குப் பிறகு கம்பனிகளின் நீண்ட குத்தகையில் இருக்கிறது, உரிமை அரசிடம். இங்கே சட்டத்தரணி சரி என்றாலும் கம்பனியின் சம்மதம் வேறாக வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் ‘சட்ட அபிப்பிராயத்திற்கும் ஏனைய அனுமதிகளுக்கும் உட்பட்டு’ என்று எழுதியதால், எது வந்தது எது வரவில்லை என்று ஒரு வருடம் யாருக்கும் தெரியவில்லை. நிபந்தனைக்கு ஒரு இலக்கம் வேண்டும். 7-அ, 7-ஆ என்று பிரித்து எழுதினால்தான் ஒன்றை முடித்து மற்றதை நிலுவையில் வைக்க முடியும்.

ஆனால் காலாவதி விடயத்தில் மழை அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லை. கம்பனிக் கடிதம் எப்போது வரும் என்று நம் கையில் இல்லை. திகதி தாண்டியதும் எல்லாம் செத்துவிட்டால், மறுபடி கோரம் சேர்த்துப் புதுத் தீர்மானம் எடுக்க வேண்டும்.

கொட்டகலை மழை:
எடுக்கட்டும். ஒரு வருடம் முன்பு சொன்ன விலைக்கு இன்றைக்கும் குழு சம்மதமா என்று கேட்பது நல்லதுதான்.

ஹப்புத்தளைக் காற்று:
காணி விற்பவர் காத்திருப்பாரா?

நானுஓயா ரயில்:
பார்த்தீர்களா, திகதி போட்டாலும் சண்டை. அதனால்தான் சொல்கிறேன், ‘உட்பட்டு’ போதும். எங்கள் சங்கத்தில் இருபது வருடமாக இதே வரிதான், ஒரு ரூபா போகவில்லை.

மஸ்கெலியா பொருளாளர்:
அந்த இருபது வருடக் கொப்பியில் எத்தனை ‘உட்பட்டு’ இன்னும் தீராமல் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா அண்ணே?

நானுஓயா ரயில்:
எண்ண வேண்டிய தேவை எனக்கு இல்லை.

கொட்டகலை மழை:
எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.