தனித்தனியாக ஒலி வருகிறது, சேர்த்துப் படிக்க வரவில்லை: ஃபோனிக்ஸ் வரிசையில் உதவி தேவை

கானாடுகாத்தான் மாலை வகுப்பு

வணக்கம். எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முகப்பில், உரிமையாளரின் அனுமதியோடு, மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். வழக்கமான ஃபோனிக்ஸ் வரிசைப்படி முதல் ஆறு எழுத்துகளை முடித்து ஆறு வாரம் ஆகிறது. தனித்தனியாகக் கேட்டால் எல்லா ஒலியையும் சொல்கிறார்கள். கீழே உள்ள சொற்களைப் பலகையில் எழுதிச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் ஒருவருக்கும் வரவில்லை.

```
sat  pin  tap  nap
```

அடுத்த ஆறு எழுத்துகளுக்குப் போகலாமா, இங்கேயே நிற்க வேண்டுமா? திங்கட்கிழமை வகுப்பு இருப்பதால் விரைவில் பதில் கிடைத்தால் நல்லது.

தேவகோட்டை டீச்சர்

பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், தமிழ் சரளமாக வாசிப்பார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைவிட முக்கியமாக, "வரவில்லை" என்கிறீர்களே, பேசாமல் நிற்கிறார்களா, அல்லது வேறு ஏதாவது சொல்கிறார்களா? வேறு ஏதாவது என்றால், அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். பிழையைப் பார்க்காமல் வரிசையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

என் பேரனுக்கும் இதே தொல்லைதான். சிங்கப்பூரில் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருக்கிறான். ஆங்கிலப் புத்தகத்தைத் தண்ணீராக வாசிக்கிறான், ஆனால் "பழம்" என்று எழுதிக் காட்டினால் ப, ழ, ம் என்று பிய்த்துச் சொல்லிவிட்டு விழிக்கிறான். இதற்கும் ஏதாவது வரிசை உண்டா?

ஒலியியல் அன்பர்

இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை என்பதால் மீண்டும் சொல்கிறேன். தமிழில் ஒரே ஒரு "ப" இருக்கிறது, ஆங்கிலத்தில் இரண்டு இருக்கின்றன. ட, க ஆகியவற்றுக்கும் அதே நிலைதான். இந்த வேறுபாடு காதுக்குத் தெரியாத பிள்ளைக்கு எந்த வரிசையில் எழுத்தைக் கொடுத்தாலும் பயனில்லை. முதலில் இரண்டு மாதம் கீழே உள்ளவை போன்ற இணைகளை மட்டும் கேட்கப் பழக்க வேண்டும். அடிப்படை தெரியாமல் வகுப்பு தொடங்கினால் இப்படித்தான் முடியும்.

```
pin  bin
tip  dip
```

தேவகோட்டை டீச்சர்

ஐயா, அந்த வேறுபாடு பின்னால் சிக்கலாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அவர் எழுதியிருக்கும் நான்கு சொற்களில் நீங்கள் சொல்லும் இரண்டாவது "ப" எங்கே இருக்கிறது? இல்லாத எழுத்து எப்படி இடறும்?

மேலும், நம் பிள்ளைகள் வாயில் இரண்டு ஒலியும் உண்டு. "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒரு ஒலி, ம் என்பதற்குப் பின்னால் வரும் ப வேறு ஒலி. "வண்டி" என்பதில் வரும் ட-வும் அப்படித்தான். அவை இடத்தைப் பொறுத்துத் தாமாகவே மாறுவதால் பிள்ளை கவனிப்பதில்லை, அவ்வளவுதான். அந்த எழுத்துகளுக்கு வரும்போது பம்பரத்தைக் கொண்டே தொடங்கலாம்.

கானாடுகாத்தான் மாலை வகுப்பு

மன்னிக்கவும், விவரங்களை விட்டுவிட்டேன். மொத்தம் 11 பிள்ளைகள், இரண்டாம், மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் தடையில்லாமல் வாசிப்பார்கள். முதல் சொல்லை "ஸ, அ, ட" என்று சொல்லிவிட்டு "சட்டை" என்கிறார்கள். சிலர் "இஸ், அ, இட்" என்கிறார்கள். கடைசிச் சொல்லை "நப்பு" என்கிறார்கள்.

கற்றுக்கொடுக்கும் முறை இது: முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. ஒரு கல்லுக்கு ஓர் எழுத்து என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறேன். பிள்ளை ஒவ்வொரு கல்லாகக் குதித்து, குதிக்கும்போது அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். விளையாட்டாக இருப்பதால் மிகவும் விரும்புகிறார்கள்.

தேவகோட்டை டீச்சர்

உங்கள் பிள்ளைகள் செய்யும் பிழை மூன்றும் வெவ்வேறு காரணத்தால் வருபவை. நல்ல தமிழ் வாசிப்பு இருப்பதால்தான் அவை வருகின்றன என்றுகூடச் சொல்வேன்.

முதலாவது "ஸ, அ, ட". தமிழில் புள்ளி இல்லாத எழுத்துக்குள் அகரம் இருக்கிறது, ஆகவே பிள்ளை எஸ் என்ற எழுத்தையும் "ஸ" என்றே வைத்துக்கொள்கிறது. ஸ, அ, ட மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் "ஸஅட" என்றுதான் வரும், அதில் நீங்கள் எதிர்பார்க்கும் சொல் பிறக்க வழியே இல்லை. "இஸ், இட்" என்பவர்கள் புள்ளியைப் புரிந்துகொண்டவர்கள், ஆனால் இக், இங், இச் என்று மெய்யெழுத்துக்குப் பெயர் சொல்லிப் பழகியதால் முன்னால் ஓர் இகரம் ஒட்டிக்கொண்டது. எல்லா ஒலியையும் சொல்கிறார்கள் என்றீர்களே, அங்கேதான் தவறு தொடங்குகிறது. நீங்கள் சொல்லிக்கொடுக்கும்போதே வால் ஒட்டியிருக்கலாம், கைப்பேசியில் ஒருமுறை பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, குதிப்பது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கால் எழும்பும்போது மூச்சு அறுந்துவிடுகிறது, ஒலியும் அறுந்துவிடுகிறது. சேர்த்துப் படிப்பது என்பது மூச்சை விடாமல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழுக்குவது. சுண்ணக்கட்டியால் மூன்று எழுத்துக்கும் அடியில் ஒரே கோடு போட்டு, பிள்ளை விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டே ம்ம்ம் என்பதிலிருந்து உயிருக்கும், உயிரிலிருந்து ன்ன்ன் என்பதற்கும் போக வேண்டும்.

அதற்கு நீட்டக்கூடிய ஒலிகள் வேண்டும். ட், ப் இரண்டையும் நீட்ட முடியாது, வெடித்தவுடன் முடிந்துவிடும். ஸ், ம், ன், ல் ஆகியவற்றை மூச்சு உள்ளவரை நீட்டலாம். வழக்கமான வரிசை அமைந்ததற்குக் காரணம், அந்த ஆறு எழுத்துகளைக் கொண்டு நிறையச் சொற்களை உருவாக்க முடியும் என்பது. வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது போதும், உங்கள் 11 பேருக்கு முதல் படியாக அது செங்குத்தாக இருக்கிறது. நான் தொடங்குவது இப்படி:

```
in   an   am
man  Sam  nil
tin  pin  pan
```

இரண்டாம் வரியை உயிர்மெய் போலவே சொல்லிக்கொடுங்கள். ம் + இ = மி என்று கூட்டுவது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதே கூட்டலில் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்துவிட்டு, கடைசி எழுத்தைப் பின்னால் ஒட்டச் சொன்னால், மூன்றையும் தனித்தனியாகக் கூட்டுவதைவிட எளிதாக வருகிறது. மூன்றாம் வரியில்தான் ட், ப் வருகின்றன, அதுவும் சொல்லின் முதலில் மட்டும். மூன்றாவது பிழைக்கு நம் தமிழையா வந்தால் நன்றாகச் சொல்வார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைக்குடி

"நப்பு" என்று சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள், அது இலக்கணப்படி நடக்கிறது. சொல்லின் இறுதியில் நிற்கலாம் என்று தொல்காப்பியம் ஒப்புக்கொள்ளும் மெய்கள் 11. அவை அனைத்தும் மெல்லினமும் இடையினமும்தான், வல்லினம் ஒன்றுகூட இல்லை. வல்லினம் இறுதியில் வர நேர்ந்தால் ஓர் உகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். பாட்டு, காப்பு, நாக்கு எல்லாம் அப்படி வந்தவை. பஸ்ஸு, பேட்டு என்று நாமே சொல்கிறோமே. ஆகவே டீச்சர் முதலில் ன், ம், ல் ஆகியவற்றில் முடியும் சொற்களைக் கொடுப்பது மிகவும் பொருத்தம். மான், மரம், பால் என்று முடித்த நாக்குக்கு அது பழகிய முடிவு.

ஒலியியல் அன்பர்

தொல்காப்பியத்தை ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவந்தாகிவிட்டது. அடுத்து பலகையில் தமிழ் எழுத்திலேயே ஆங்கிலத்தை எழுதச் சொல்வீர்கள். அப்படி எழுதினால் பிள்ளை தமிழைத்தான் படிக்கும், ஆங்கில எழுத்தை ஏறிட்டும் பார்க்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைக்குடி

எழுதச் சொல்லவில்லையே, ஐயா. ஆனால் கேட்டதனால் சொல்கிறேன், புள்ளியை மட்டும் கடன் வாங்குவதில் என்ன குற்றம்? எஸ் என்ற எழுத்துக்கு மேல் முதல் இரண்டு வாரம் ஒரு புள்ளி வைத்தால், அகரம் இல்லாத ஒலி என்று பிள்ளைக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். அரை மணி நேரம் விளக்கினாலும் அவ்வளவு தெளிவு வராது.

ஒலியியல் அன்பர்

ஐ என்ற சிறிய எழுத்துக்கு ஏற்கெனவே மேலே ஒரு புள்ளி இருக்கிறது. அதையும் மெய்யெழுத்து என்று நினைத்துக்கொள்ளட்டுமா?

தேவகோட்டை டீச்சர்

இந்த இடத்தில் அன்பர் சொல்வது சரிதான், நான் அதில் ஒருமுறை அகப்பட்டிருக்கிறேன். எழுத்தின் மேல் வைக்காமல், "இது புள்ளி வைத்த ஒலி" என்று வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். முழுச் சொல்லையும் தமிழில் எழுதுவதை நானும் ஏற்பதில்லை.

இறுதி வல்லினத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அதை ப் என்பதில் தொடங்குங்கள், ட் என்பதில் வேண்டாம். ப் உதட்டில் தெரியும். பிள்ளை சொல்லை முடித்தவுடன் உதடு மூடியபடியே நிற்க வேண்டும், திறந்தால் உகரம் நுழைந்துவிட்டது என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். ட் வாய்க்குள் நடப்பதால் யாருக்கும் தெரியாது. இந்தச் சொற்களை முதல் மூன்று வரிகளும் தடையில்லாமல் வந்த பிறகே கொடுங்கள்:

```
map  nap  sip
mat  sit
```

பள்ளத்தூர் ஆச்சி

பேரனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இருந்தாலும் இந்தப் புள்ளிக் கதையை அவனிடம் சொல்லிப் பார்க்கிறேன், அவனுக்கு அது தலைகீழாகப் பொருந்தும் போலிருக்கிறது.

கானாடுகாத்தான் மாலை வகுப்பு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதிவு செய்து கேட்டேன், நானே "ஸ", "ட" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். குதிப்பதை நிறுத்தி, கல்லின் மேல் கோடு போட்டு விரலை இழுக்கச் சொன்னேன். 11 பேரில் எட்டுப் பேர் முதல் இரண்டு வரிகளைச் சேர்த்துப் படிக்கிறார்கள். பார்த்து மனப்பாடம் செய்துவிட்டார்களோ என்று ஐயப்பட்டு, பொருளில்லாத சொற்கள் இரண்டை எழுதினேன். அவற்றையும் ஆறு பேர் படித்தார்கள்.

```
nim  sal
```

உதடு மூடும் போட்டி நன்றாக நடக்கிறது. இப்போது புதிய சிக்கல்: மேன் என்று வர வேண்டிய சொல்லை மூன்று பேர் "மன்" என்றே படிக்கிறார்கள்.

தேவகோட்டை டீச்சர்

அந்த மூன்று பேரும் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்களா? மணி, கண்ணன் போன்ற பெயர்களிலும், பேருந்தில் காணும் ஊர்ப் பெயரிலும் அந்த எழுத்து அகரமாகவே ஒலிக்கிறது. கீழே உள்ள இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, ஒன்று நம் தமிழ்ப் பெயர், மற்றது ஆங்கிலச் சொல் என்று பிரித்துக் காட்டுவது எனக்கு ஓரளவு பயன்பட்டது, முழுமையாக அல்ல.

```
Mani  man
```

எகர ஒலிக்குரிய எழுத்தை மட்டும் இப்போது கொண்டுவராதீர்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு உயிர்களும் காதில் ஒன்றாகவே விழும், இடையில் சில வாரங்களாவது இருக்க வேண்டும்.

ஒலியியல் அன்பர்

இடைவெளி விடக் கூடாது, இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் வேறுபாடு தெரியும் என்பது என் கருத்து. பழைய இழையில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கானாடுகாத்தான் மாலை வகுப்பு

மூவரும் தங்கள் பெயரை எழுதுவார்கள். நாளை முயன்று பார்க்கிறேன். நன்றி.