நெட் பேங்கிங் லாக் ஆயிடுச்சுன்னா ஆப்பா, கஸ்டமர் கேரா, பிராஞ்சா? உங்க அனுபவத்தை சொல்லுங்க

கம்பத்து மருமக
எங்க மாமனார் ரிட்டயர்டு வாத்தியார், பென்ஷன் வர்றது ஒரு பொதுத்துறை பேங்க்ல. எல்லாமே லேப்டாப்ல நெட் பேங்கிங்லதான் பண்ணுவார், போன்ல பேங்க் ஆப் வச்சுக்கவே மாட்டேங்குறார், "போன் தொலைஞ்சா பணமும் போச்சு"ம்பார். போன வாரம் பாஸ்வேர்டு எக்ஸ்பயரி ஆயிடுச்சு மாத்துங்கன்னு வந்திருக்கு, மாத்தி டைரில எழுதி வச்சிருக்கார். நேத்து சாயங்காலம் இன்சூரன்ஸ் ப்ரீமியம் கட்ட உக்காந்தா யூசர் லாக் ஆயிடுச்சுன்னு வருது. டைரில இருக்குறதத்தான் அடிச்சேன்னு சத்தியம் பண்றார், நானும் பாத்தேன், எழுத்து தெளிவாத்தான் இருக்கு. ப்ரீமியத்துக்கு இன்னும் நாள் இருக்கு, அவசரமில்ல. ஆனா அடுத்து என்ன பண்றதுன்னு வீட்டுல ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க. இது மாதிரி மாட்டுனவங்க எப்படி வெளிய வந்தீங்க?

சிவகாசி ராஜா
அக்கா ஒண்ணும் பண்ணாதீங்க. 24 மணி நேரம் விட்டுட்டா தானா ஓப்பன் ஆயிடும், எனக்கு பலவாட்டி ஆயிருக்கு. கஸ்டமர் கேர்லாம் சுத்த வேஸ்ட், ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு பாட்டு போட்டு கொல்லுவான்.

பழைய கவுண்டர்
பிராஞ்ச்ல பல வருஷம் உக்காந்துட்டு ரிட்டயர் ஆனவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

ராஜா தம்பி சொன்னது பாதி சரி. பல பேங்க்ல பாஸ்வேர்டு மூணு தடவை தப்பானா (சிலதுல அஞ்சு) லாக் விழும். சில இடத்துல அது அன்னிக்கு ஒரு நாள் கணக்கு, ராத்திரி பத்து மணிக்கு லாக் ஆனாலும் மறுநாள் காலைல திறந்திருக்கும். சில இடத்துல லாக் ஆன நேரத்துல இருந்து 24 மணி நேரம். ஆனா லாக் திறக்குறது வேற, பாஸ்வேர்டு சரியாகுறது வேற. காரணம் அப்படியே இருந்தா நாளைக்கும் அதே மூணு தடவை தப்பாகி திரும்ப லாக் ஆகும், அதுக்கப்புறம்தான் எல்லாரும் பிராஞ்சுக்கு வந்து எங்களை திட்டுவாங்க.

அம்மா, உங்க மாமனார் கேஸ்ல எனக்கு சந்தேகம் பிரவுசர் மேலதான். போன வாரம் மாத்துனார்னு சொல்றீங்க. லேப்டாப்ல பழைய பாஸ்வேர்டு சேவ் ஆகி இருந்தா, அவர் யூசர் நேம்ல கர்சரை வச்ச உடனே அது பழசை தானா போட்டுடும். அங்க வெறும் கரும்புள்ளிதான் தெரியும், அவர் அதுக்குப் பின்னாடியே டைரில உள்ளதையும் அடிச்சிருப்பார், இல்ல ஏற்கனவே வந்துடுச்சேன்னு நேரா லாகின் அமுக்கியிருப்பார். புள்ளிகளை எண்ணிப் பாருங்க, டைரில உள்ள எழுத்தை விட கூடவோ குறைச்சலோ இருந்தா அதான் விஷயம். கண் படம் இருந்தா அதை அமுக்கிப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு முக்கியம். அவசரத்துல "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" பக்கத்துக்கு போய் டெபிட் கார்டு வழியா மாத்த உக்காராதீங்க, ஏடிஎம் பின் நிச்சயமா ஞாபகம் இருந்தாலொழிய. அங்க பின்னும் தப்பா போட்டா கார்டும் லாக் ஆகும், அப்புறம் ஏடிஎம்ல காசும் வராது. லாகின் பாஸ்வேர்டு, ஏடிஎம் பின், யூபிஐ பின், ஆப்போட எம்பின் எல்லாம் தனித்தனி பூட்டு. இப்ப ஒண்ணுதான் பூட்டியிருக்கு, மத்ததையும் நீங்களா பூட்டிக்காதீங்க.

ஈரோடு மஞ்சமண்டி
எனக்கும் இதே பிரச்சனை சார். என் அக்கவுண்டையே பிளாக் பண்ணிட்டாங்க. லாகின் பண்ணா உள்ள போகுது, பேலன்ஸும் காட்டுது, ஆனா ஒத்த ரூபா அனுப்ப முடியல. பாஸ்வேர்டு மாத்திப் பாத்துட்டேன், ஆப்பை அழிச்சு திரும்ப போட்டும் பாத்தேன், ஒண்ணும் வேலைக்காகல. யாரோ வெளி மாநில பார்ட்டி சரக்குக்கு யூபிஐல பணம் போட்டதுல இருந்துதான் இப்படி.

பழைய கவுண்டர்
மஞ்சமண்டி அண்ணே, உங்களுது இது இல்ல. உள்ள போக முடியுதுன்னா லாகின்ல தப்பே இல்ல, அக்கவுண்ட்ல டெபிட்டை நிறுத்தி வச்சிருக்காங்க. நீங்க சொல்ற அந்த பார்ட்டி அனுப்புன பணம் மோசடி பணமா இருந்து, சைபர் கிரைம்ல இருந்து பேங்குக்கு லெட்டர் வந்திருக்கலாம். இல்ல கேஒய்சி புதுப்பிக்காததாவும் இருக்கலாம். இதுக்கு ஆப், பாஸ்வேர்டு எதுவும் மருந்தில்ல, நேரா பிராஞ்சுக்கு போய் யார் சொல்லி நிறுத்துனீங்க, எந்த ஊர் ஸ்டேஷன், புகார் நம்பர் என்ன, முழு அக்கவுண்டா இல்ல ஒரு தொகை மட்டுமான்னு எழுத்துல கேளுங்க. சரக்கு பில்லு, லாரி ரசீது கையில வச்சுக்கங்க.

ஈரோடு மஞ்சமண்டி
மேனேஜர் மேலிடத்துல கேளுங்கன்னு சொல்றார் சார், எழுதித் தர மாட்டேங்குறார்.

ஷார்ஜா செல்வம்
இங்க எல்லாரும் ஓடிபி வரும்னு வச்சுக்கிட்டே பேசுறீங்க. என் கதையே வேற. ஊர்ல பேங்க்ல குடுத்த நம்பர் ரீசார்ஜ் பண்ணாம செத்துப்போச்சு. நெட் பேங்கிங் லாக் ஆச்சு, மறுநாள் லாக் திறந்துச்சு, பாஸ்வேர்டு ஞாபகமில்ல, மாத்தலாம்னா ஓடிபி பழைய நம்பருக்கு போகுது. ஆப் போட்டா அது சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா அனுப்பி செக் பண்ணும்ல, சிம்மே இல்லையே. கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு பொறுமையா கேட்டுட்டு, சார் நம்பர் மாத்துறது போன்ல முடியாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. கடைசில லீவுல வந்தப்ப பிராஞ்சுல பாஸ்போர்ட், பாஸ்புக் காட்டி நம்பர் மாத்துன பிறகுதான் எல்லாம் சரியாச்சு. வெளிநாட்டுல இருக்கவங்க ஊர் சிம்முக்கு வேலிடிட்டி மட்டுமாவது போட்டு வைங்கப்பா. ரோமிங்ல எஸ்எம்எஸ் வாங்க காசு கிடையாது, ஆனா ஆப் ரிஜிஸ்டர் பண்ண எஸ்எம்எஸ் அனுப்பணும், அதுக்கு பேலன்ஸ் வேணும்.

பழைய கவுண்டர்
செல்வம் சொன்னதுதான் பிராஞ்சுக்கு போக வேண்டிய முக்கியமான கேஸ். ஓடிபி கைக்கு வருதுன்னா பெரும்பாலும் வீட்டுல உக்காந்தே முடிச்சிடலாம், வரலைன்னா பிராஞ்சுதான். கட் ஆன நம்பரை 90 நாள் கழிச்சு கம்பெனிக்காரன் வேற ஆளுக்கு குடுத்துடலாம், அப்ப உங்க ஓடிபி யாரோ முகம் தெரியாத ஆளுக்கு போகும்ங்குறதையும் நினைச்சுப் பாருங்க.

நைட் டூட்டி நர்ஸ்
நான் கையே வைக்கலையே, எனக்கு எப்படி லாக் ஆச்சு? வார்டுல ரவுண்ட்ஸ்ல இருக்கேன், நடு ராத்திரி, தவறான முயற்சிகளால் உங்க யூசர் ஐடி லாக் செய்யப்பட்டதுன்னு மெசேஜ். பக்குனு ஆயிடுச்சு. கூகுள்ல பேங்க் பேரை போட்டு கஸ்டமர் கேர்னு தேடுனேன், மேல வந்த நம்பருக்கு அடிச்சேன், ஒரே ரிங்ல எடுத்தான். பேங்க்காரன் ஒரே ரிங்ல எடுப்பானா, அங்கயே எனக்கு உறுத்துச்சு. "மேடம் லாக் எடுத்துடலாம், ஒரு சின்ன ஆப் போடுங்க, ஸ்கிரீன் ஷேர் குடுங்க"ங்குறான். கட் பண்ணிட்டேன். அப்புறம் கார்டுக்கு பின்னாடி அச்சடிச்ச நம்பருக்கு பேசுனேன், அது ரொம்ப நேரம் இழுத்துச்சு, ஆனா அந்த ஆள் முயற்சி நடந்ததை உறுதிப்படுத்துனார், உள்ள யாரும் போகலன்னும் சொன்னார். நெட் பேங்கிங்கை அப்போதைக்கு நிறுத்தியும் வச்சார்.

சிவகாசி ராஜா
ஹேக் பண்ணிட்டானுங்க அக்கா, அக்கவுண்டையே மூடிட்டு வேற பேங்குக்கு மாறிடுங்க.

பழைய கவுண்டர்
மூட வேணாம் தம்பி. லாக் விழுந்துச்சுன்னா வந்தவன் வெளியவே நின்னுட்டான்னு அர்த்தம். சிஸ்டர், உங்க யூசர் ஐடி போன் நம்பரா, இல்ல பேரும் பிறந்த வருஷமுமா?

நைட் டூட்டி நர்ஸ்
போன் நம்பர்தான் சார்.

பழைய கவுண்டர்
அதான். வேணும்னே முயற்சி பண்ணியிருக்கலாம், இல்ல ஏறக்குறைய அதே நம்பர் வச்ச யாரோ ஒரு எண்ணை மாத்தி அடிச்சும் இருக்கலாம், நமக்கு தெரிய வழியில்ல. யூசர் ஐடியை மாத்த விடுற பேங்கா இருந்தா மாத்திடுங்க. ஹெல்ப்லைன் இந்த மாதிரி இடத்துக்குத்தான். பாஸ்வேர்டு மறந்ததுக்கு அவங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, திரும்ப வெப்சைட்டுக்குத்தான் அனுப்புவாங்க. ஆனா நாம பண்ணாத முயற்சி நடந்திருந்தா எந்த நேரமும் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம், பிராஞ்ச் காலைல பத்து மணி வரைக்கும் திறக்காதே.

ஒருவேளை காசும் போயிருந்தா பேங்குக்கு சொன்ன கையோட 1930க்கு அடிக்கணும், இல்லன்னா cybercrime.gov.in-ல பதியணும். பேங்க் தப்பும் இல்லாம நம்ம தப்பும் இல்லாம நடந்த திருட்டுன்னா மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டா நமக்கு நஷ்டம் கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2017லயே சொல்லியிருக்கு. ஓடிபியை நாமளே வாசிச்சு குடுத்திருந்தா அந்த சலுகை இல்ல, சொல்ற வரைக்கும் போனது நம்ம தலையில.

கம்பத்து மருமக
அப்டேட். சார் சொன்னது அப்படியே நடந்திருக்கு. காலைல லாக் போயிருந்துச்சு. யூசர் நேமை தொட்ட உடனே பாஸ்வேர்டு கட்டத்துல புள்ளி புள்ளியா தானா வந்து நிக்குது. எண்ணிப் பாத்தோம், டைரில பத்து எழுத்து, அங்க எட்டு. பிரவுசர் செட்டிங்ஸ்ல சேவ் ஆனதை அழிச்சிட்டு, கட்டத்தை காலி பண்ணி ஒவ்வொரு எழுத்தா அடிச்சார். பாஸ்வேர்டை ஏத்துக்கிச்சு. அடுத்து ஓடிபி கேக்குது, அது வரவே இல்ல. மாமனார் டென்ஷன் ஆகி திரும்ப அனுப்பு திரும்ப அனுப்புன்னு அமுக்குறார். கடைசில பாத்தா பேங்க்ல குடுத்திருக்குறது எங்க அத்தையோட பட்டன் போன் நம்பர், அது அடுப்படில அரிசி டப்பா மேல டிங் டிங்னு அடிச்சிட்டு கிடக்கு. மெசேஜ் பாக்ஸ் ரொம்பி இருந்ததால பழசை அழிச்ச பிறகுதான் உள்ள வந்துச்சு. ப்ரீமியம் கட்டியாச்சு.

அத்தை இப்ப ஓடிபி சொல்றதுக்கு கமிஷன் கேக்குறாங்க 😄

ஷார்ஜா செல்வம்
கொடுத்துடுங்க, கஸ்டமர் கேரை விட வேகம்.

பழைய கவுண்டர்
சந்தோஷம். ஒண்ணு மட்டும், பழைய பேங்க் அட்ரஸ் புக்மார்க் இருந்தா அதையும் பாத்துக்கங்க. ரிசர்வ் பேங்க் சொன்னதுல 2025 அக்டோபர் 31க்குள்ள பேங்க் எல்லாம் .bank.in அட்ரஸுக்கு மாறணும்னு இருந்துச்சு. பாஸ்வேர்டு சரியா அடிச்சும் தப்புன்னு காட்டுதுன்னா, முதல்ல மேல அட்ரஸ் கட்டத்துல கடைசி எழுத்துகளை வாசிங்க. போலி பக்கமும் முதல் தடவை தப்புன்னுதான் காட்டும், ரெண்டாவது தடவையும் அடிக்க வச்சு பாஸ்வேர்டை உறுதிப்படுத்திக்கும்.

சிவகாசி ராஜா
சார், பாஸ்வேர்டு மாத்துன அன்னிக்கே பெரிய தொகை அனுப்ப விடாதுன்னு பசங்க சொல்றாங்களே உண்மையா? நாளைக்கு தீபாவளி பட்டாசு சரக்குக்கு அட்வான்ஸ் போடணும்.

பழைய கவுண்டர்
பேங்குக்கு பேங்க் வேற தம்பி. போன் மாத்தி ஆப் புதுசா போட்டா முதல் நாள் லிமிட் குறைச்சுதான் வைப்பாங்க, யூபிஐலயும் உண்டு. வெறும் பாஸ்வேர்டு மாத்துனதுக்கு உங்க பேங்க்ல என்னன்னு லாகின் பண்ணி லிமிட் பக்கத்துல பாருங்க. இல்ல செக் புக்கை எடுத்துட்டு காலைல பிராஞ்சுக்கு கிளம்புங்க, ஆர்டிஜிஎஸ் போட்டுடலாம்.

ஈரோடு மஞ்சமண்டி
சார் என் கேள்வி அப்படியே நிக்குது. எழுதித் தர மாட்டேங்குற மேனேஜரை என்ன பண்றது?